45,000 என்ற எண்ணை வாசிப்பது எப்படி

கடைகளின் கல்லாப்பெட்டிக்கு அருகே இருக்கும் சவுண்ட்பாக்ஸ் இன்று இந்தியா முழுவதும் பழகிய பொருள். வாடிக்கையாளர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார், பெட்டி அந்தத் தொகையைச் சொல்கிறது, கடைக்காரர் தலையசைக்கிறார், பொருள் கைமாறுகிறது. அனுப்பியவரின் கைபேசித் திரையில் தோன்றும் பச்சைக் குறியைக் கடைக்காரர் நம்புவதில்லை. அதைப் போலியாகக் காட்ட முடியும் என்று அவருக்குத் தெரியும். அவர் நம்புவது குரலை மட்டுமே. ஆகவே அந்தக் குரல் சில விநாடிகள் தாமதித்தாலும் கல்லாவின் முன்னே ஒரு சிறு சங்கடம் பிறக்கிறது. மூன்று நிமிடம் தாமதித்தால் சங்கடம் தகராறாகிறது. சிலர் பணத்தை இரண்டாம் முறை அனுப்பிவிடுகிறார்கள். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. முன்னே சென்ற ஒருவருக்குரிய 200 ரூபாய் அறிவிப்பு, பணமே அனுப்பாத வேறொருவர் நிற்கும் நேரத்தில் ஒலிக்கக்கூடும்.

பணம் வந்து சேர்ந்த கணத்திற்கும் குரல் எழும் கணத்திற்கும் இடையே பல அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நிகழ்வுகளை வரிசையாக எழுதி வைக்கும் ஒரு பதிவேடு என்று கொள்வோம். லிங்க்ட்இன் நிறுவனத்திற்குள் உருவாகி 2011இல் திறந்த மூலமாக வெளிவந்த அப்பாச்சி காஃப்கா, இவ்வகைப் பதிவேடுகளுள் பெரிதும் அறியப்பட்டது. இங்கே விரிக்கப்படும் நிறுவனமும் அதன் எண்களும் கற்பனை. காஃப்காவின் நடத்தையும் கணக்கும் உண்மை.

பதிவேட்டின் இயல்பு எளிது. புதிய நிகழ்வு எப்போதும் கடைசியில் சேர்க்கப்படுகிறது. நடுவில் எதுவும் செருகப்படுவதில்லை. வாசித்ததனால் எதுவும் அழிவதில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு; அதை ஆஃப்செட் என்பார்கள். வாசிக்கும் நிரலான கன்சூமர், தான் எதுவரை முடித்தது என்பதை அவ்வப்போது குறித்து வைக்கிறது. இந்தக் குறித்தலுக்குக் கமிட் என்று பெயர். பதிவேட்டின் இறுதி எண்ணிலிருந்து குறித்து வைத்த எண்ணைக் கழித்தால் வருவதே கன்சூமர் லேக், அதாவது பின்தங்கல். எழுதப்பட்டும் இன்னும் கையாளப்படாத நிகழ்வுகளின் எண்ணிக்கை என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது சரி. எப்போது சரியில்லை என்பதைப் பின்னர் பார்க்கலாம். (பதிவேட்டைச் சுட்டும் ‘லாக்’ என்ற சொல்லும் இந்த ‘லேக்’ என்ற சொல்லும் தொலைபேசி உரையாடலில் ஒன்றாகவே காதில் விழுகின்றன. நள்ளிரவு அழைப்புகளில் இதனால் குழப்பம் நேர்வதுண்டு. ‘பின்தங்கல்’ என்று சொல்லிவிடுவது பாதுகாப்பானது.)

நமது கற்பனை நிறுவனத்தில் `payments` என்ற தலைப்பில் பணவரவு நிகழ்வுகள் எழுதப்படுகின்றன. அது 0 முதல் 5 வரை எண்ணிட்ட ஆறு பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கடையின் நிகழ்வுகள் எல்லாம் அக்கடையின் அடையாள எண்ணைப் பொறுத்து எப்போதும் ஒரே பார்ட்டிஷனுக்குச் செல்கின்றன. ஒரு கடையின் அறிவிப்புகள் வரிசை மாறாமல் ஒலிக்க அது தேவை. பதிவேட்டை வாசித்துக் குரலாக மாற்றும் குழுவின் பெயர் `announce`. அதில் ஆறு கன்சூமர்கள். ஒவ்வொன்றும் ஒரு பார்ட்டிஷனை வாசிக்கிறது. பண்டிகைக் கால மாலையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் விநாடிக்கு 200 நிகழ்வுகள் வருகின்றன. ஒரு நிகழ்வை அனுப்பி முடிக்க 4 மில்லிவிநாடி ஆகிறது. ஆகவே ஒரு கன்சூமர் விநாடிக்கு 250 நிகழ்வுகளைக் கையாள வல்லது. வரவைவிடத் திறன் சற்றே கூடுதல் என்பதால் எல்லாம் சீராகச் செல்கிறது.

இரவு 7 மணிக்கு, 4ஆம் பார்ட்டிஷனை வாசிக்கும் கன்சூமர் இருக்கும் இயந்திரத்தில் வேறொரு கனமான வேலை தொடங்குகிறது. இயந்திரத்தின் ஆற்றல் பகிரப்படுகிறது. 4 மில்லிவிநாடி 8 ஆகிறது. விநாடிக்கு 250 என்றிருந்த திறன் 125 ஆகச் சரிகிறது. எந்த நிரலும் நிற்கவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் எழுதப்படவில்லை. கண்காணிப்புத் திரையில் குழுவின் மொத்தப் பின்தங்கல் மட்டும் காட்டப்படுகிறது. அது 50,000ஐத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்கும் என்று யாரோ எப்போதோ அமைத்து வைத்திருக்கிறார்கள். 7.10 மணிக்கு மொத்தப் பின்தங்கல் 50,000ஐ எட்டவில்லை. மணி அடிக்கவில்லை. ஆனால் ஆறில் ஒரு பங்குக் கடைகளில் பெட்டிகள் ஏறத்தாழ நான்கு நிமிடம் பின்னே பேசிக்கொண்டிருக்கின்றன. வாடிக்கையாளர் சேவை மையத்தில் அழைப்புகள் குவிகின்றன.

மொத்தத்தைப் பார்ப்பதுதான் இங்கே முதல் தவறு. ஐந்து பார்ட்டிஷன்களில் பின்தங்கல் சில நூறு; ஒன்றில் 45,000. கூட்டினால் அது குழு முழுவதும் சற்றே களைத்திருப்பதைப் போலத் தோன்றும். ஆறால் வகுத்துச் சராசரி கண்டால் இன்னும் சாதுவாகத் தோன்றும். பின்தங்கல் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியே உரிய எண். ஒரு பார்ட்டிஷனைக் குழுவில் ஒரு கன்சூமர் மட்டுமே வாசிக்க முடியும் என்பதால், அருகில் இருப்பவர் ஓய்வாக இருந்தாலும் கைகொடுக்க வழியில்லை. கூட்டல் அந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

பணியில் இருக்கும் பொறியாளர் பின்வரும் கட்டளையை இடுகிறார்:

```
kafka-consumer-groups.sh --bootstrap-server localhost:9092 \
  --describe --group announce
```

ஒருமுறை மட்டும் இட்டால் போதாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை இட்டு, 4ஆம் பார்ட்டிஷனின் வரிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் இப்படி இருக்கும். முதல் வரி 7.09க்கு உரியது; இரண்டாவது 7.10க்கு.

```
TOPIC     PARTITION  CURRENT-OFFSET  LOG-END-OFFSET  LAG
payments  4          80909830        80950330        40500
payments  4          80917330        80962330        45000
```

பெரும்பாலோரின் கண் வலக்கோடியில் உள்ள `LAG` என்ற எண்ணுக்கே செல்லும். அதைவிட அதிகம் பேசுபவை அதற்கு இடப்புறம் உள்ள இரண்டு எண்கள். `LOG-END-OFFSET` ஒரு நிமிடத்தில் 12,000 நகர்ந்திருக்கிறது. அதாவது வரவு விநாடிக்கு 200. வழக்கமான வரவுதான்; எனவே கூட்டம் திடீரென்று பெருகிவிட்டது என்ற ஐயம் நீங்குகிறது. `CURRENT-OFFSET` அதே நிமிடத்தில் 7,500 நகர்ந்திருக்கிறது. அதாவது கையாளல் விநாடிக்கு 125. கன்சூமர் உயிரோடு இருக்கிறது, ஆனால் பாதி வேகத்தில் நடக்கிறது. ஏரியில் நீர்மட்டம் ஏறுவதை மட்டும் பார்ப்பவருக்கு மழை கூடியதா மதகு அடைபட்டதா என்று தெரியாது. வரத்தையும் போக்கையும் தனித்தனியே அளப்பவருக்குத் தெரியும். இங்கே மழை கூடவில்லை. மதகு பாதி அடைபட்டிருக்கிறது.

`CURRENT-OFFSET` அசையவே இல்லை என்றால் கதை வேறு. அப்போது பின்தங்கல் வரவின் முழு வேகத்தில், விநாடிக்கு 200 என்று ஏறும். கன்சூமர் இறந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சிதைந்த நிகழ்வில் சிக்கி அதையே மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கலாம். பின்னது மிகவும் ஏமாற்றக்கூடியது. நிரல் மும்முரமாக இயங்குகிறது, இயந்திரத்தின் உழைப்பும் கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் வரிசை ஓர் அடிகூட நகர்வதில்லை. பின்தங்கல் ஏறும் சரிவும் வரவின் வேகமும் சமமாக இருந்தால் எதுவும் முடிக்கப்படவில்லை என்று பொருள். சரிவு அதைவிடக் குறைந்தால் ஏதோ முடிகிறது, ஆனால் போதவில்லை.

அடுத்து, 45,000 என்பதை மனிதருக்குப் புரியும் அளவாக மாற்ற வேண்டும். கடைக்காரரின் உலகில் நிகழ்வு எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. காத்திருக்கும் நேரம் மட்டுமே உண்டு. விநாடிக்கு 200 வருகிற இடத்தில் கடைசி 45,000 நிகழ்வுகள் வந்து சேர 225 விநாடி ஆகியிருக்கும். ஆகவே 7.10க்குக் கன்சூமர் கையில் எடுக்கும் நிகழ்வு 7 மணி 6 நிமிடம் 15 விநாடிக்கு எழுதப்பட்டது. மூன்றே முக்கால் நிமிடப் பழமை. இதே 45,000, நள்ளிரவில் விநாடிக்கு 5 நிகழ்வு மட்டும் வரும் வேளையில் சேர்ந்திருந்தால், பழமை இரண்டரை மணி நேரம். எண்ணிக்கையில் ஒரே அளவு; பொருளில் எவ்வளவு தூரம்! நிலையான எண்ணிக்கையை எல்லையாக வைக்கும் எச்சரிக்கைகள் பகலில் தேவையின்றி அலறுவதும் இரவில் தூங்குவதும் இதனால்தான்.

வரவு சீராக இல்லாதபோது இந்த வகுத்தல் பிழைபடும். அதற்கு எளிய மாற்று உண்டு. சில விநாடிகளுக்கு ஒருமுறை பதிவேட்டின் இறுதி எண்ணை அப்போதைய நேரத்தோடு சேர்த்து எழுதி வைத்தால் போதும். இப்போது கன்சூமர் 80917330இல் நிற்கிறது. பதிவேட்டின் இறுதி அந்த எண்ணில் இருந்தது எந்த நேரத்தில் என்று பட்டியலில் தேடினால் 7.06.15 என்று கிடைக்கும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் பழமை. இவ்வாறு நேரமாக அளந்து, பத்து விநாடிக்கு மேல் போனால் மணி அடிக்கும்படி வைத்திருந்தால், நமது நிறுவனத்தில் 7 மணிக்குத் தொடங்கிய கோளாறு அரை நிமிடத்திற்குள் தெரிந்திருக்கும். பழமை விநாடிக்கு 0.375 விநாடி என்ற வீதத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

எல்லையை ஏன் பத்து விநாடியில் வைக்க வேண்டும், இரண்டில் வைத்தால் என்ன? அங்கேதான் கமிட் குறுக்கிடுகிறது. கன்சூமர் ஒவ்வொரு நிகழ்வுக்கும் குறித்து வைப்பதில்லை. தானியங்கி கமிட் இயங்கும்போது காஃப்காவின் இயல்பான இடைவெளி 5 விநாடி. விநாடிக்கு 200 வரும் பார்ட்டிஷனில், எல்லாவற்றையும் உடனுக்குடன் முடித்துவிடும் ஆரோக்கியமான கன்சூமரும் அடுத்த கமிட் வரை 1,000 நிகழ்வுகள் பின்தங்கியதாகவே வெளியே தெரியும். வரைபடத்தில் அது ரம்பத்தின் பல்லைப் போல ஏறி ஏறி விழும். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் அந்தப் பற்களைக் கண்டு பதறுவதுண்டு. பற்களின் அடி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தைத் தொடுகிறதா என்பதே கேள்வி. அடிமட்டம் தொட்டால் கன்சூமர் வரவோடு ஈடுகொடுக்கிறது. அடிமட்டமே மேலேறிச் சென்றால் ஈடுகொடுக்கவில்லை.

லிங்க்ட்இன் திறந்த மூலமாக வெளியிட்ட பர்ரோ என்ற கண்காணிப்புக் கருவி இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டது. அது எல்லை எண் எதையும் கேட்பதில்லை. அண்மைக் கமிட்டுகள் சிலவற்றை ஒரு சாளரமாக வைத்துப் பார்க்கிறது. சாளரத்திற்குள் ஒருமுறையேனும் பின்தங்கல் பூச்சியத்தைத் தொட்டால் நலம் என்கிறது. ஆஃப்செட் நகர்ந்தும் பின்தங்கல் தொடர்ந்து குறையாமலே இருந்தால் எச்சரிக்கிறது. கமிட் வந்துகொண்டிருந்தும் ஆஃப்செட் அசையாமல் பின்தங்கல் நின்றாலோ ஏறினாலோ, தேங்கிவிட்டது என்கிறது. எண்ணின் உயரத்தை விட்டு அதன் போக்கைப் பார்க்கும் இம்முறை ஒரு பெரிய தெளிவு. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. நான்கு நிமிடம் பின்தங்கி, மெல்ல மெல்ல மீண்டுகொண்டிருக்கும் கன்சூமர் போக்கின்படி நலமே, கடைக்காரரின்படி நலமில்லை. போக்கு நோயைச் சொல்லும். பழமை வலியைச் சொல்லும். இரண்டும் திரையில் இருக்க வேண்டும்.

மீள்வதைப் பற்றிய கணக்கு பலரை வியக்கவைக்கிறது. 7.10க்குப் பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு முதலில் தோன்றுவது இன்னும் சில கன்சூமர்களைச் சேர்ப்பது. ஆறு பார்ட்டிஷனுக்கு ஏழாவது கன்சூமர் வந்தால், அது ஒதுக்கீடு எதுவும் இன்றிச் சும்மா நிற்கும். சரி, நோயுற்ற கன்சூமரை மட்டும் நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால், அதன் பார்ட்டிஷன் மீதமுள்ள ஐவரில் ஒருவருக்குப் போகும். அவருக்கு இப்போது விநாடிக்கு 400 வரவு, 250 திறன். நோய் ஒன்றிலிருந்து இரண்டு பார்ட்டிஷனுக்குப் பரவும். சரியான வரிசை இதுதான்: முதலில் ஏழாவதை வேறு இயந்திரத்தில் தொடங்கிச் சும்மா நிற்க வைப்பது, பிறகு நோயுற்றதை முறையாக விடைபெறச் செய்வது. அப்போது ஆறு பார்ட்டிஷனுக்கு மீண்டும் ஆறு கன்சூமர்கள். வேகம் கூட்ட உதவாத அந்த ஏழாவது ஆள், மாற்று ஆளாக உதவுகிறார். பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையையே கூட்டுவது இந்த நேரத்தில் செய்யத்தக்கதன்று. கடைகள் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்ற கணக்கு மாறிவிடும்; ஒரு கடையின் பழைய நிகழ்வுகள் ஓரிடத்திலும் புதியவை வேறிடத்திலும் கிடக்க, வரிசை கலைந்துவிடும். தேங்கிய நிகழ்வுகளோ பழைய இடத்திலேயே தேங்கியிருக்கும்.

மாற்று ஆள் பொறுப்பேற்ற கணத்தில் திறன் 250, வரவு 200. மீதி 50. 45,000ஐ 50 ஆல் வகுத்தால் 900 விநாடி. பத்து நிமிடக் கோளாறு தீரக் கால் மணி நேரம். கோளாறு நீங்கிவிட்டது என்று அறிவித்த பிறகும் 7.25 வரை பெட்டிகள் பின்தங்கியே பேசும். சரியாக 7.10க்குப் பணம் அனுப்பியவரின் அறிவிப்பு, தனக்கு முன்னே உள்ள 45,000ஐ விநாடிக்கு 250 வீதம் கடந்து, 180 விநாடிக்குப் பின் ஒலிக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்நேரத்தில் வாசிக்கப்படும் நிகழ்வின் பழமை 225 விநாடி. அந்நேரத்தில் வந்து சேரும் நிகழ்வு காத்திருக்கப்போவது 180 விநாடி. முன்னது கடந்ததைச் சொல்கிறது, பின்னது வரப்போவதை. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று சேவை மையத்தினர் கேட்டால் அவர்களுக்குத் தர வேண்டியது பின்னது.

திறன் 250 இல்லாமல் 210 மட்டுமே இருந்திருந்தால் மீதி 10. மீள 4,500 விநாடி, அதாவது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். சாதாரண நாளில் 210க்கும் 250க்கும் இடையே திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டிலும் பின்தங்கல் அதே சிறு பற்கள்தான். பின்தங்கல் பூச்சியத்தருகே இருக்கும்வரை, கன்சூமர் எவ்வளவு மூச்சுத்திணறலோடு அங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது. அதை அறிய ஒரு வழி, அமைதியான நேரத்தில் ஒரு கன்சூமரை வேண்டுமென்றே ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டு, அது மீளும் சரிவை அளப்பது. அறிவிப்புக் குழுவில் அதை நள்ளிரவுக்குப் பின் செய்யலாம். பலர் செய்வதில்லை.

இதே `payments` பதிவேட்டை `ledger` என்ற இன்னொரு குழுவும் வாசிக்கிறது. கடைகளுக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கில் ஏற்றுவது அதன் வேலை. ஒரே பதிவேட்டைப் பல குழுக்கள் தத்தம் வேகத்தில் வாசிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கமிட், தனிப் பின்தங்கல். இக்குழுவிலும் ஒரு பார்ட்டிஷனில் 45,000 பின்தங்கல் என்று வைத்துக்கொண்டால், யாரும் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. மூன்றே முக்கால் நிமிடம் தாமதித்து ஏறிய கணக்கும் சரியான கணக்கே. நாள் முடிவுக் கணக்கு தொடங்கும் முன் மீண்டுவிட்டால் போதும்.

இக்குழுவை அச்சுறுத்துவது பதிவேட்டின் வைப்புக்காலம். பதிவேடு எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதில்லை. காஃப்காவின் இயல்பான வைப்புக்காலம் ஏழு நாள். வட்டு இடத்தைச் சேமிக்க அதை ஒரு நாளாகக் குறைப்போரும் உண்டு. நமது நிறுவனமும் குறைத்திருக்கிறது. கணக்குக் குழு ஏதோ காரணத்தால் ஒரு நாளுக்கு மேல் நின்றுபோனால், அது இன்னும் வாசிக்காத நிகழ்வுகள் பதிவேட்டின் பின்முனையிலிருந்து அழியத் தொடங்கும். பதிவேடு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இந்த வேளையில் பின்தங்கல் இரண்டு வகையில் பொய் சொல்கிறது. முதலாவது, நின்றிருக்கும்போது அது இறுதி எண்ணுக்கும் பழைய கமிட்டுக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பகுதி ஏற்கெனவே அழிந்துபோனது என்பது தெரியாது. காத்திருப்பவை என்று எண்ணப்படுபவற்றில் பல, இல்லாதவை.

இரண்டாவது இன்னும் கொடியது. குழு மீண்டும் தொடங்கும்போது, தான் விட்ட எண் பதிவேட்டில் இல்லை என்று காண்கிறது. அப்போது என்ன செய்வது என்பதை `auto.offset.reset` என்ற அமைப்பு முடிவு செய்கிறது. அதன் இயல்பு மதிப்பு `latest`: எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறுதிக்குத் தாவு. கன்சூமர் தாவுகிறது. பின்தங்கல் ஒரு கோடியே எழுபது லட்சத்திலிருந்து ஒரே கணத்தில் பூச்சியத்திற்கு விழுகிறது. திரை பச்சையாகிறது. மீண்டுவிட்டது என்று எவரோ குழுச் செய்தியில் எழுதுகிறார்; கட்டைவிரல் உயர்த்திய படங்கள் வந்து குவிகின்றன. அழிந்தவை மட்டுமல்ல, பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருந்த ஒரு நாள் நிகழ்வுகளும் வாசிக்கப்படாமல் தாண்டப்பட்டுவிட்டன.

இதைக் கண்டுகொள்ள ஒரே ஒரு பெருக்கல் போதும். விநாடிக்கு 50 மட்டுமே மிச்சம் பிடிக்க வல்ல கன்சூமர் ஒரு மணி நேரத்தில் 1,80,000க்கு மேல் பின்தங்கலைக் குறைக்க இயலாது. அதைவிட வேகமாக எண் விழுந்தால் அந்த நிகழ்வுகள் முடிக்கப்படவில்லை; விடப்பட்டிருக்கின்றன. ஏறும் சரிவைப் பார்த்துப் பழகியவர்கள் இறங்கும் சரிவைப் பார்ப்பது குறைவு. கணக்குக் குழுவுக்கு இவ்வமைப்பை `none` என்று வைத்துவிட்டால், கன்சூமர் தாவாமல் பிழை கூறி நிற்கும். நள்ளிரவில் யாரையோ எழுப்பும். ஆனால் உயிரோடு இருப்பவற்றை மீட்க இடம் தரும். அதோடு, இக்குழுவின் பழமையை வைப்புக்காலத்தோடு ஒப்பிட்டு, பாதியைக் கடந்ததும் மணி அடிக்கச் செய்வது நல்லது. 24 மணி நேர வைப்புக்காலத்தில் பன்னிரண்டு மணி நேரப் பழமை என்பது இன்னும் பன்னிரண்டு மணி நேர அவகாசம்.

பூச்சியம் பொய் சொல்லும் இன்னோர் இடமும் இருக்கிறது. வேகம் வேண்டி, கன்சூமர் நிகழ்வுகளை வாங்கியவுடன் நினைவகத்தில் உள்ள ஓர் உள்வரிசையில் போட்டுவிட்டு உடனே கமிட் செய்யும்படி சிலர் எழுதுகிறார்கள். உண்மையான வேலை உள்வரிசையின் மறுமுனையில் நடக்கிறது. காஃப்காவுக்குத் தெரிந்தவரை எல்லாம் முடிந்தது, பின்தங்கல் பூச்சியம். கடையிலோ பெட்டி மௌனம். கன்சூமர் செத்தால் உள்வரிசையில் இருந்தவை பதிவேட்டில் இருந்தும் எவராலும் மீண்டும் வாசிக்கப்படுவதில்லை. பின்தங்கல் அளப்பது கமிட்டுக்கு முன்னே உள்ளதை மட்டுமே. எந்த வேலை முடிந்தபின் கமிட் நிகழ்கிறது என்று நிரலைத் திறந்து பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல இயலாது.

அறிவிப்புக் குழுவில் எஞ்சியிருப்பது ஒரு முடிவு. கால் மணி நேரம் மீண்டுகொண்டிருக்கும்போது, மூன்று நிமிடம் பழைய அறிவிப்புகளை ஒலிக்கத்தான் வேண்டுமா? அவற்றுக்குரிய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஒலித்தால் முன்னே நிற்கும் வேறொருவரின் பணமாக எண்ணப்படும். ஆகவே நிகழ்வு எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்து, முப்பது விநாடிக்கு மேல் பழையது என்றால் குரலைத் தவிர்த்து, கடைக்காரரின் செயலியில் வரவுப் பட்டியலில் மட்டும் சேர்ப்பது அறிவுடைமை. பட்டியலைத் தொகுப்பாக அனுப்பலாம் என்பதால் அது ஒலிபரப்பைவிட மிகவும் மலிவு. 45,000 நிகழ்வுகள் சில விநாடிகளில் கடந்துவிடும். கணக்குக் குழுவில் இப்படிச் செய்வது குற்றம். இங்கே செய்யாதிருப்பதே தீங்கு.

ஆனால் அப்படிச் செய்த மறுகணம், சற்றுமுன் சொன்ன அதே செங்குத்தான வீழ்ச்சி இங்கும் நிகழும். திரை பச்சையாகும். எத்தனை கடைகளில் பெட்டி பேசாமல் போனது என்பது பின்தங்கலில் எங்கும் இராது. ஆகவே குரல் தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு நிகழ்வையும் எண்ணும் இன்னோர் எண், பார்ட்டிஷன் வாரியாக, அதே திரையில் பின்தங்கலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த மாலையில் 4ஆம் பார்ட்டிஷனுக்கு எதிரே அது சுமார் 40,000 என்று நிற்கும். மறுநாள் காலை சேவை மையத்தினர் எந்தக் கடைகளை அழைத்துப் பேச வேண்டும் என்ற பட்டியலும் அங்கிருந்தே எடுக்கப்படும்.